அவசரம் லேது

கேள்வி: காலையில் திட்டமிட்டது ஒன்று, மாலையில் முடித்தது வேறொன்று என்றே என் வாரம் போகிறது. வருகிற வேலை எல்லாமே அவசரம் என்கிறார்கள். நான்கு கட்டம் போட்டு வேலைகளைப் பிரிக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். அது உதவுமா?

பதில்: 'அவசரம்' என்ற சொல்லை எழுதியதும் என் பழைய புண்ணைக் கிளறிவிட்டீர்கள். தமிழில் அதற்குப் பொருள் வேகம், பதற்றம். தெலுங்கில் அதே சொல்லுக்குப் பொருள் தேவை. பல ஆண்டுகளுக்கு முன்பு என்னுடன் வேலை பார்த்த ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம், கையிலிருந்த நீண்ட அட்டவணையைக் காட்டி, "இது அவசரமா?" என்று கேட்டேன். அவர் தெலுங்கு பேசுபவர். "அவசரம் லேது" என்றார். அவசரமில்லையாம், நிதானமாகச் செய்யலாம் என்று மகிழ்ந்து, 3 நாட்கள் உட்கார்ந்து அதை அழகாக முடித்துக் கொடுத்தேன். அந்த அட்டவணையே தேவையில்லை என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அவசரமும் இல்லாத, அவசியமும் இல்லாத வேலை என்று உங்கள் நண்பரின் கட்டத்தில் நான்காவதாக ஓர் அறை இருக்குமே, அதற்குள் 3 நாட்கள் குடியிருந்தவன் நான் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

கட்டத்தைப் பற்றி முதலில் ஒரு சண்டை போட்டுவிடுகிறேன். அதை அமெரிக்க அதிபர் ஐசனோவர் வரைந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். 1954 ஆகஸ்டில் அவர் ஆற்றிய ஓர் உரையில், தம் முன் நிற்கும் சிக்கல்கள் அவசரமானவை, முக்கியமானவை என இரண்டு வகை என்றும், அவசரமானவை முக்கியமில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக இருப்பதில்லை என்றும் சொன்னார். அதையும் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் கூறியதாகவே சொன்னார். அந்த உரையில் கட்டம் இல்லை. அது பின்னால் வந்தவர்களின் கைவண்ணம். இதை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டம் வரைந்த கையோடு மக்கள் எல்லா வேலைகளையும், அவசரமும் முக்கியமுமான வேலைகளுக்குரிய முதல் அறையிலேயே கொட்டிவிட்டு, பிரித்தாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

ஏன் அப்படிக் கொட்டுகிறோம் என்பதற்கு 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. குறைந்த பலன் தரும் வேலையையும் கூடுதல் பலன் தரும் வேலையையும் முன்னால் வைத்து, குறைந்த பலன் தருவதற்கு மட்டும் 'நேரம் முடியப்போகிறது' என்ற தோற்றத்தைக் கொடுத்தபோது, பலர் அதையே எடுத்தார்கள். கெடு நெருங்குவது வேலையின் மதிப்பைக் கூட்டுவதில்லை, ஆனாலும் கண்ணை இழுத்துவிடுகிறது. தங்களை எப்போதும் வேலை மிகுந்தவர்களாக நினைப்பவர்களிடம் இந்த இழுப்பு அதிகம். பலனை நினைவூட்டினால் அது குறைகிறது. ஆகவே திங்கட்கிழமை காலையில் பட்டியல் எழுதும்போது தேதிகளை எழுதாதீர்கள். இந்த வேலை நடக்காவிட்டால் யாருக்கு என்ன கெடும் என்று மட்டும் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வரி எழுதுங்கள். எழுத வரி கிடைக்காத வேலை முக்கியமில்லை. தேதிகளை அதன் பிறகே சேருங்கள்.

அவசரத்தை அளக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், ஏனென்றால் கொடுத்து முடிக்கவேண்டிய நாளைப் பார்க்கிறார்களே தவிர, தொடங்கியாக வேண்டிய நாளைப் பார்ப்பதில்லை. ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளி மாலை கொடுக்கவேண்டிய அறிக்கை ஒன்று, 6 மணி நேரம் ஆகும் என்று தோன்றுகிறது. செவ்வாய் மதியத்துக்குள் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டிய பணப்பட்டியல் ஒன்று, அதற்கு 1 மணி நேரம். தராவிட்டால் பிறருடைய சம்பளம் நின்றுபோகும். வியாழனன்று நடக்கும் நேர்காணலுக்குக் கேள்விகள் தயாரிக்க 2 மணி நேரம். இளையவர் ஒருவருக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்தால் இனி அது உங்கள் தலையில் விழாது. அதற்கு 2 மணி நேரம், கெடு எதுவும் இல்லை. இவை தவிர, 'உடனே வேண்டும்' என்று நாள்தோறும் வந்து விழும் சில்லறைக் கோரிக்கைகள்.

கூட்டங்கள் போக உங்கள் கையில் நாளொன்றுக்கு 4 மணி நேரம் இருப்பதாகக் கொள்ளுங்கள். சில்லறைக் கோரிக்கைகளுக்கு அவ்வப்போது பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அதில் 2 மணி நேரம் கரைந்து, மிஞ்சுவது 2. நம் மதிப்பீடுகள் எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதால் அறிக்கைக்கு 6-ஐ ஒன்றரையால் பெருக்கி 9 என்று வைப்பது என் வழக்கம். நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 9 மணி நேரத்துக்கு நாலரை நாள். வெள்ளி மாலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வெள்ளிக்கிழமை அறிக்கை திங்கட்கிழமையே அவசரமாகி நிற்கிறது. அதைத் தொடாமல் அன்று முழுவதும் சில்லறைக் கோரிக்கைகளுக்கு ஓடியவர் வியாழன் இரவு தூக்கமின்றித் தட்டச்சு செய்துகொண்டிருப்பார், எல்லாமே அவசரம் என்று புலம்பியபடி.

அந்தக் கோரிக்கைகளை முற்பகலில் அரை மணி, மாலையில் அரை மணி என ஒதுக்கி மொத்தமாகக் கவனித்தால், நாளுக்கு 3 மணி நேரம் மிஞ்சும். இப்போது அறிக்கையைப் புதன் காலை தொடங்கினாலே போதும். திங்களும் செவ்வாயும் கிடைக்கும் 6 மணி நேரத்தில் பணப்பட்டியலுக்கு 1, நேர்காணலுக்கு 2 போக, 3 மிஞ்சுகிறது. அதில் 2 மணி நேரத்தைக் கற்றுக்கொடுப்பதற்குத் தருவேன். கெடு இல்லாத வேலைக்கு நாமே ஒரு நாளும் நேரமும் குறித்து, பிறருக்குக் கொடுத்த வாக்குபோல் காக்காவிட்டால் அதற்கு இடமே கிடைக்காது. மீதி 1 மணி நேரத்தைச் செவ்வாயன்றே அறிக்கையில் போடுவேன். புதனிலிருந்து வெள்ளிவரை கணக்கு மணிக்கு மணி ஒட்டி நிற்பதால் யாராவது தும்மினாலும் குலைந்துவிடும்.

மூன்றாம் அறையில் இருப்பவற்றை, அதாவது அவசரமானாலும் முக்கியமில்லாத வேலைகளை, பிறரிடம் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒப்படைக்க ஆள் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். நம்மில் பலர் ஒப்படைக்கப்படும் ஆட்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே கருவி, "இது எத்தனை மணிக்குள் வராவிட்டால் எந்த வேலை நிற்கும்?" என்று பணிவாகக் கேட்பது. 'உடனே' என்றவர்களில் கணிசமானோர், "நாளைக்குக்கூடப் போதும்" என்பார்கள். சிலர் கோபிப்பார்கள், அவர்களுடைய வேலை மெய்யாகவே முதல் அறைக்குரியதாகவும் இருக்கலாம், விசாரித்து அறியுங்கள்.

ஒரே வேலை மூன்று வாரங்களாகப் பட்டியலில் மாற்றி எழுதப்பட்டு வருகிறது என்றால், ஒன்று அது முக்கியமில்லை, அல்லது தொடங்க முடியாத அளவுக்குப் பெரிது. முன்னதை அடித்துவிடுங்கள். பின்னதற்கு, அரை மணி நேரத்தில் முடியும் முதல் துண்டை மட்டும் பட்டியலில் எழுதுங்கள்.

முதல் அறையின் மணி நேரங்களைக் கூட்டும்போது 26 வந்து, கையில் இருப்பது 20 என்றால் எந்தக் கட்டமும் உதவாது. அன்று செய்யவேண்டியது பட்டியலை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போய், "இவற்றில் 6 மணி நேரத்துக்கான வேலை இந்த வாரம் நடக்காது, எதை விடட்டும்?" என்று கேட்பதுதான். அதைத் திங்கட்கிழமை கேட்டால் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வெள்ளிக்கிழமை கேட்டால் அவருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமிருக்காது.