கடன் முடிந்தும் நெஞ்சு படபடக்கிறது

“வெள்ளாமைக் கடன் கட்டி மூன்று மாதம். இன்னும் இரவு 2 மணிக்கு நெஞ்சு படபடத்து எழும்புகிறேன். இது ஸ்ட்ரெஸ்தானா? வயது 27, களுவாஞ்சிக்குடி.”

தம்பி, கடன் இருந்தபோது வந்தது ஸ்ட்ரெஸ், அதாவது நெருக்கீடு. அதற்கு வெளியே ஒரு காரணம் இருக்கும், காரணம் தீர்ந்தால் சில நாட்களில், மிஞ்சினால் சில கிழமைகளில் அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை. காசு கட்டிய பிறகு மனம் எதைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த போகம், அம்மாவின் உடம்பு, போன் அடித்தால் திடுக்கிடுவது என்று கவலைப்படும் விஷயம் மாறிக்கொண்டே போனால் அது பதகளிப்பின் பக்கம், அதாவது காரணம் தீர்ந்தும் அடங்காத கவலை.

பொதுவான பதகளிப்புக் கோளாறு என்று பெயர் வைக்க மருத்துவர்கள் 6 மாதக் கணக்குப் பார்ப்பார்கள். அது பெயர் வைப்பதற்கு, நீங்கள் காத்திருப்பதற்கு அல்ல. நித்திரை கெட்டு வயலுக்குப் போக முடியாமல் இரண்டு கிழமை போனாலே காட்டலாம்.

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில் தைரொய்டு, இரத்தச்சோகை பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இப்படிப் படபடக்க வைக்கும். (பின்னேரத்துக்குப் பிறகு பிளேன்டீயையும் நிறுத்திப் பாருங்கள்.) அதில் ஒன்றுமில்லை என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அடியுங்கள்.