சீன மொழியில் கேரண்டி எழுதுவது எப்படி? மசாலா விற்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

விருதுநகரிலிருந்து: சாம்பார் பொடிக்கு "ஒரு வருட கேரண்டி" என்று சீனத்தில் போட்டேன். மொழிபெயர்ப்புச் செயலி 保修一年 என்று தந்தது. சரிதானே?

இல்லை, இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது மிக்ஸிக்கும் கைபேசிக்கும் போடுகிற சொல். "ஒரு வருடம் பழுது பார்த்துத் தருவோம்" என்றுதான் படிப்பவருக்குப் புரியும். பொடி எத்தனை நாள் கெடாது என்பதற்குச் சீனத்தில் 保质期 என்று தனிச் சொல் இருக்கிறது. உங்கள் பொடி பன்னிரண்டு மாதம் தாங்கும் என்றால் 保质期12个月 என்று போட்டு, பக்கத்திலேயே தயாரித்த தேதியையும் கொடுங்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். நம் வழக்கப்படி 05/03 என்று போட்டால் அதை மே 3 என்று படித்துவிடுவார்கள்.

கோவையிலிருந்து: சீனாவில் ஆன்லைனில் எதை வாங்கினாலும் ஏழு நாளில் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்பது சட்டம். அப்படியானால் பிரித்த மிளகாய்த் தூளையும் நாம் வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும்?

பாதி சரி. நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அந்த ஏழு நாள் 2014 மார்ச் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பொருளைக் கையெழுத்திட்டு வாங்கியதற்கு மறுநாளிலிருந்து நாளை எண்ண வேண்டும். ஆனால் திருப்புகிற பொருள் முழுமையாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். 2017இல் வந்த விதிகள் இதை விளக்குகின்றன. உணவுப் பொருளின் மூடிய உள்ளுறையைக் கிழித்துவிட்டால் அது முழுமையான பொருள் இல்லை. வெளி அட்டைப்பெட்டியை மட்டும் திறந்து பார்த்திருந்தால் நீங்கள் மறுக்க முடியாது.

பிரித்தால் கெடும் பொருள் என்று சொல்லி ஏழு நாள் உரிமையிலிருந்தே விலக்கு வேண்டுமா? அதற்கு வாங்கும்போதே வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டால் போதாது. ஆர்டர் பொத்தானுக்கு முன்னால் தனியாக டிக் செய்ய வையுங்கள். நான் எழுதித் தரும் வரிகள் இவை:

```
内包装未开封：签收次日起7天内可退，退货运费由买家承担。
内包装已开封：非质量问题不退。
破损、发错、变质：7天内发照片，该件全额退款，无需寄回。
```

உள்ளுறையைப் பிரிக்காததை ஏழு நாளில் திருப்பலாம், அனுப்பும் செலவு வாங்கியவருடையது. உள்ளுறையைப் பிரித்ததைத் தரக் குறை இருந்தால் மட்டும் ஏற்போம். உடைந்தது, மாறிப்போனது, கெட்டது என்றால் ஏழு நாளுக்குள் படம் அனுப்பினால் போதும், அந்தப் பொருளுக்கு முழுப் பணம், பொருளைத் திருப்ப வேண்டாம்.

தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் இதையே பழைய வரிவடிவத்தில் மாற்றிப் போடுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இந்த எளிய வடிவமே போதும்.

திண்டுக்கல்லிலிருந்து: சீனாவில் வாங்கின அரவை இயந்திரத்துக்குக் கேரண்டி கிடைக்குமா?

அது வேறு விஷயம். இங்கே பேசுவது நாம் விற்கிற மசாலாவுக்கு நாம் கொடுக்கிற வாக்கு. உங்கள் இயந்திரத்துக்கு விற்றவரின் பில்லைத்தான் பார்க்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து: கெட்ட பொருளைக்கூடத் திருப்பி வாங்காமல் பணம் கொடுத்தால் ஏமாற்ற மாட்டார்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் 220 ரூபாய் வீதம் நான்கு பாக்கெட் வாங்குகிறார், ஒன்று கிழிந்து வருகிறது என்று வையுங்கள். அதை அங்கிருந்து திருப்பி அனுப்பும் தபால் செலவு அந்த 220ஐத் தாண்டிவிடும். வந்தாலும் அந்தப் பொடியை யாருக்கும் விற்க முடியாது. அதனால் 220ஐக் கொடுத்துவிட்டு, மூன்று படங்கள் மட்டும் கேளுங்கள்: கிழிந்த இடம், தயாரிப்பு எண், வெளிப்பெட்டி.

படத்தை நன்றாகப் பாருங்கள். ஒட்டிய ஓரத்தில் பிளந்திருந்தால் நம் சீலிங் இயந்திரத்தின் சூடு போதவில்லை. நடுவில் குத்துப்பட்டிருந்தால் வழியில் நடந்தது. கட்டி கட்டியாக இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. மூன்றுக்கும் பணம் நாம்தான் கொடுக்கிறோம், ஆனால் அடுத்த பெட்டியில் எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

சேலத்திலிருந்து: நம்பிக்கை வரட்டும் என்று 假一赔十 போட்டிருந்தேன். மல்லித் தூளில் கலப்படம் என்று ஒருவர் பத்து மடங்கு கேட்டார். கடைசியில் சமாதானமாக இரண்டு பாக்கெட் கொடுத்தேன்.

"போலி என்றால் பத்து மடங்கு தருவோம்" என்பதுதான் அந்த நான்கு எழுத்து. அலங்காரத்துக்குப் போடும் வரி இல்லை, நீங்களே கொடுத்த வாக்குறுதி. சீன உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தரமற்ற உணவுக்கு விலையின் பத்து மடங்கு நஷ்டஈடு கேட்க இடம் தருகிறது, குறைந்தது 1000 யுவான். அதன் மேல் நாமே இன்னொரு கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆய்வகச் சோதனை அறிக்கை இருந்தால் அதைப் பக்கத்தில் போடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: "காரம் அதிகம்" என்று திருப்பிக் கேட்டால்?

பிரித்த பிறகு சுவைக்காக நான் பணம் தருவதில்லை. அதற்குப் பதில் காரத்தின் அளவைப் பொருள் பக்கத்திலேயே போட்டுவிடுவேன்.

தூத்துக்குடியிலிருந்து மீண்டும்: நான் முதல் தடவை கேட்பவருக்குப் பாதிப் பணம் கொடுத்துவிடுகிறேன். அவர்களில் நாலைந்து பேர் திரும்ப வந்து ரசப்பொடி வாங்கினார்கள்.

அதை மறுக்க மாட்டேன். ஆனால் கொள்கையில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.