20% ஸ்ட்ரைக் ரேட்டில் 17 தோல்வி வரிசையாக வருவது சாதாரணமா?

கேள்வி: "பெங்களூர் ரேஸில் ஒரு வருஷத்துக்கு 300 பந்தயம் கட்டுறேன். ஸ்ட்ரைக் ரேட் 20%, சராசரி ரேட் 9/2. இப்போ வரிசையா 17 தோத்துட்டேன். இது சாதாரணமா, இல்லை என் முறையே தப்பா?"

சாதாரணம்தான். உங்கள் 20% உண்மையாக இருந்தால், 300 பந்தயத்துக்குள் எங்காவது ஓர் இடத்தில் 17 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து தோற்க ஏறக்குறைய 73% வாய்ப்பு இருக்கிறது. அப்படி ஒரு வரிசை வராமல் போகும் வருஷம்தான் குறைவு.

காட்பாடியில் ரயில் ஏறி பெங்களூர் போய் வரும் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்யும் கணக்கு இது: ஒரு முறை தோற்க 0.8, இருபது முறை தொடர்ந்து தோற்க 0.8-ஐ இருபது முறை பெருக்கணும், 87-ல் ஒன்று வரும், ஆகவே நடக்காது. பெருக்கல் சரி. ஆனால் அது "அடுத்த இருபதும் தோற்குமா?" என்ற கேள்விக்கான விடை. வருஷம் முழுக்க எங்காவது இருபது தோல்வி சேர்ந்து வருமா என்பது வேறு கேள்வி.

அதை இப்படிப் பாருங்கள். தோல்வி வரிசை ஒவ்வொன்றும் ஒரு வெற்றிக்கு அடுத்துத்தான் ஆரம்பிக்கும். 300-ல் 20% என்றால் 60 வெற்றி. அதாவது, நீண்ட வரிசை ஆரம்பிக்க வருஷத்தில் சுமார் 60 இடம் இருக்கிறது. 87-ல் ஒன்று விழக்கூடிய சீட்டை 60 முறை எடுத்தால் ஒரு தடவையாவது விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. செல்போனில் இருக்கும் ஷீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்:

```
=1-EXP(-((300-20)*0.2+1)*0.8^20)
```

விடை 0.48. இதில் 300 பந்தய எண்ணிக்கை, 20 வரிசையின் நீளம், 0.2 ஸ்ட்ரைக் ரேட், 0.8 தோற்கும் வாய்ப்பு. 20 வரும் இரண்டு இடத்திலும் வேறு நீளம் போட்டால், 15-க்கு 87% வருகிறது, 25-க்கு 19%, 30-க்கு 7%. இது தோராயக் கணக்குதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். பணம் ஒதுக்கும்போது நான் 20-ஐ எதிர்பார்த்து, 30-க்குத் தயாராக இருப்பேன்.

ரேட் இதில் எங்கே வருகிறது? இந்தச் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. ஆனால் எந்த ரேட்டில் கட்டுகிறீர்களோ, அதுதான் உங்கள் ஸ்ட்ரைக் ரேட் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 9/2 என்றால் 100 கட்டி ஜெயித்தால் 450 லாபம், கட்டிய 100-ம் திரும்பும். இங்கே 20% ஜெயித்தால், கட்டிய மொத்தத்தில் 10% லாபம். இன்னொருவர் 7/4 ரேட்டில் பேவரைட் குதிரைகளாகக் கட்டி 40% ஜெயிக்கிறார் என்று வையுங்கள். அவருக்கும் அதே 10%தான். ஆனால் 300 பந்தயத்தில் அவருக்குப் பாதி வாய்ப்புள்ள வரிசை வெறும் 10. லாபம் ஒன்றே, தாங்க வேண்டிய வரிசை உங்களுக்கு அவரைப் போல இரண்டு மடங்கு. (ரேட் என்று நான் சொல்வது வரிப் பிடித்தம் எல்லாம் போகக் கையில் வருவதை. போர்டில் இருப்பதை வைத்துக் கணக்கிட்டால் இந்த 10% காற்றில் போய்விடும்.)

இந்த இருபது எவ்வளவு பணம் என்பதை குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் என் நண்பரிடம்தான் நேரில் பார்த்தேன். அவரும் உங்களைப் போலவே 9/2 பக்கம்தான். தோற்றால் டபுள் பண்ணுவதெல்லாம் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அதனால் "மெதுவான" வழி ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், ஜெயித்தால் போனதெல்லாம் திரும்பி முதல் பந்தயத்தின் 450-ம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் கூட்டிக் கட்டுவார். 9/2-க்கு அது ஒவ்வொரு முறையும் 22% ஏற்றம். 100, 122, 149 என்று ஆரம்பத்தில் உறுத்தவே உறுத்தாது. நான் நோட்டில் எழுதிக் காட்டினேன்: இருபது தோற்றால் போனது சுமார் 24,400, இருபத்தொன்றாவது பந்தயம் 5,500-க்கு மேல். எப்போதும் 100 கட்டுபவருக்குப் போவது 2,000 மட்டும். "இன்னாண்ணே, இருபதெல்லாம் எங்க வரப் போவுது?" என்றார். அந்த சீசனிலேயே 19 வந்தது. கடையில் சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தைத் தொட்டுவிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான், இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்.

வரிசை முடிந்ததும் பள்ளம் முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 20 தோல்வி, ஒரு வெற்றி, மறுபடி 12 தோல்வி என்று வந்தால், 32 போய் நாலரைதான் திரும்பியிருக்கிறது. நடுவில் வந்த ஒரு வெற்றியால் வரிசை அறுந்தது, பணம் ஏறவில்லை. அதனால்தான் நான் மிக நீளமான வரிசையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே, அதாவது 80 பந்தயத்துக்கான பணம் தனியாக இல்லாமல் இந்த ரேட்டில் கட்டுவதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, முறையே தப்பா என்பது. 17 தோல்வியை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. உங்கள் உண்மையான ஸ்ட்ரைக் ரேட் 12%தான் என்று வையுங்கள். 9/2-ல் அது கட்டிய பணத்தில் 34% நஷ்டம். அப்போது 300-ல் 20 தோல்வி வரிசை வர 93% வாய்ப்பு. நல்ல முறைக்கு 48%, மோசமான முறைக்கு 93%. இரண்டிலுமே தாராளமாக வரக்கூடிய ஒன்றை வைத்து எது எது என்று எப்படிப் பிரிப்பது?

பிரித்துக் காட்டுவது மொத்த வெற்றி எண்ணிக்கை. 20% உண்மையானால் 300-ல் 60 எதிர்பார்க்கலாம், பெரும்பாலும் 46-க்கும் 74-க்கும் இடையில் நிற்கும். 12% என்றால் 36 பக்கம். இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. உங்கள் நோட்டில் 300-க்கு 40 வெற்றிதான் இருக்கிறது என்றால், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் 20% என்பதை மறந்துவிடுங்கள். 54 இருந்தால் சற்று நஷ்டம், ஆனால் முறை கெட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. உண்மையிலேயே 20% உள்ளவருக்கும் ஐந்து வருஷத்தில் ஒரு வருஷம் நஷ்டத்தில் முடியும்.

அந்த 20%-ஐ எத்தனை பந்தயத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. 50-ல் 10 ஜெயித்து வந்ததென்றால், உண்மை 10%-ஆகவும் இருக்கலாம், 30%-ஆகவும் இருக்கலாம். ஒரே ரேஸில் இரண்டு குதிரை கட்டியிருந்தாலும், ஒரே ஸ்டேபிள் குதிரைகளையே தொடர்ந்து கட்டியிருந்தாலும் மேலே உள்ள சூத்திரம் அப்படியே பொருந்தாது. ஸ்டேபிளுக்கு ஒரு மாதம் சரியில்லை என்றால் தோல்விகள் சேர்ந்தே வரும், வரிசை இன்னும் நீளும். பழைய நோட்டை எடுத்து, பந்தயங்களை 8/1-க்கு மேல் ரேட், அதற்குக் கீழ் என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெற்றியை எண்ணி இங்கே எழுதுங்கள். சராசரி 9/2 என்பதற்குள் பேவரைட்டும் நீண்ட ரேட்டும் கலந்திருந்தால் கணக்கைத் தனித்தனியாகத்தான் போடணும்.