மொழிபெயர்ப்பில் காற்புள்ளியைப் பாருங்கள்

கேள்வி: மகன் இத்தாலியில் படிக்கிறான். வசிப்பு அனுமதிக்கு என் வங்கிக் கணக்கு அறிக்கையும் சம்பளச் சீட்டும் இத்தாலிய மொழியில் வேண்டுமாம். சேலத்தில் யாரிடம் கொடுப்பது? நானே செய்து அனுப்பினால் ஏற்பார்களா?

நீங்களே செய்தால் ஏற்க மாட்டார்கள். பெரும்பாலும் அங்கே கேட்பது சத்தியம் செய்த மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் நீதிமன்ற எழுத்தர் முன் நின்று, மூலத்துக்கு உண்மையாகச் செய்தேன் என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். ஆவணத்துக்குச் சொந்தக்காரர் அந்த இடத்தில் நிற்க முடியாது. எனவே பதுவா, போலோனியா என்று மகன் இருக்கும் ஊரிலேயே ஒருவரைப் பிடிப்பதுதான் நல்லது. நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆடிட்டர் அலுவலகத்தில் 14 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். தம்பிக்காக 2024-இல் இந்தத் தாள்களோடு பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் எழுத்தர். சேலத்தில் ஒரு கடையில் மூன்றே நாளில் இத்தாலிய மொழியில் தருவதாகச் சொன்னார்கள், கொடுத்தோம். தம்பி அதைக் காவல் துறையின் குடியேற்றப் பிரிவுக்குக் கொண்டுபோனான். அதிகாரி சம்பளச் சீட்டில் விரலை வைத்து, "உங்கள் அப்பாவுக்கு மாதம் முப்பத்தெட்டு ரூபாயா?" என்று கேட்டாராம்.

சீட்டில் இருந்தது 38,450. கடைக்காரர் அதை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறார். இத்தாலியில் காற்புள்ளிதான் தசமக் குறி. ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி. அங்கே 38,450 என்றால் முப்பத்தெட்டும் சில்லறையும். அதை 38.450,00 என்று எழுதியிருக்க வேண்டும். வங்கி இருப்பில் இன்னும் மோசம். 6,85,240.00 என்று நம் லட்சக் கணக்கில் இரண்டிரண்டாகப் பிரித்த எண்ணை அவர்கள் எங்கும் பார்த்ததில்லை. அது 685.240,00 ஆக வேண்டும். மாணவர் காட்ட வேண்டிய பணத்துக்கு அந்த ஆண்டு அளவுகோலாக வைத்தது இத்தாலிய அரசின் முதியோர் உதவித்தொகை: மாதம் 534.41 யூரோ, ஆண்டுக்கு 13 தவணையாக 6,947.33 யூரோ. யூரோ 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் ஆறேகால் லட்சம். எங்களிடம் போதிய பணம் இருந்தது. தாளில்தான் அது தெரியவில்லை.

அதே கடை வருங்கால வைப்பு நிதிப் பிடித்தத்தை வரி என்று எழுதியிருந்தது. அது அப்பாவின் சேமிப்பு. ஓய்வுக்காலப் பங்களிப்பு என்ற பொருளில் 'கோன்த்ரிபூத்தோ ப்ரெவிதென்சியாலே' என்று போட்டிருக்க வேண்டும். கையில் கிடைப்பது 'நெத்தோ', பிடித்தத்துக்கு முந்தையது 'லோர்தோ'. இரண்டும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நெத்தோ தொகை வங்கி அறிக்கையில் அந்த மாத வரவோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். அதிகாரி முதலில் ஒப்பிடுவது அதைத்தான். ரூபாயை யூரோவாக மாற்றி மொழிபெயர்ப்புக்குள்ளேயே எழுத விடாதீர்கள். மூலத்தில் இல்லாதது அதில் வரக் கூடாது. மாற்று மதிப்பைத் தேதியோடு தனித் தாளில் இணையுங்கள்.

பெயரும் ஒரு சிக்கல். அப்பாவின் கணக்கில் முதலெழுத்தோடு பெயர். தம்பியின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரே குடும்பப் பெயர். இத்தாலியர் கண்ணுக்கு இருவரும் வேறு வேறு குடும்பம். முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்லாதீர்கள். உள்ளபடியே எழுதி, அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக விளக்கம் போடச் சொல்லுங்கள். உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் உதவியது.

எல்லாக் கடைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கிளையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இணையத்தில் எடுத்த அறிக்கையில் முத்திரை போட மாட்டோம் என்று அப்பாவை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தார், அறுபது வயதில். அதில் ஒன்று சனிக்கிழமை. சுற்றுலா வண்டிகள் மலைப்பாதை முழுக்க நின்றதால் பஸ் இரண்டு மணி நேரம் நகரவில்லை, கிளையும் மூடிவிட்டது. மலையில் குடியிருப்பவர்களுக்கும் அந்தச் சாலைதான் என்பதை யாராவது நினைத்துப் பார்த்தால் என்ன?

பிறகு பதுவாவில் ஒரு பெண்மணி புதிதாக மொழிபெயர்த்துச் சத்தியம் செய்து கொடுத்தார். நான்கு பக்கத்துக்கு ஒரு 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பதால், பன்னிரண்டு மாத அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் எத்தனை மாதம் வேண்டும் என்று குடியேற்றப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்; ஊருக்கு ஊர் மாறுகிறது. எங்களிடம் ஆறு மாதம் போதும் என்றார்கள். மூலத்தை மொழிபெயர்ப்போடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. முத்திரையிட்ட இன்னொரு பிரதி வீட்டில் இருக்கட்டும்.