அமெரிக்கா வட்டி ஏற்றினால் நாமும் ஏற்றினால் போதாதா?

கேள்வி: "அமெரிக்காவுல வட்டி ஏத்துனதும் வெளிநாட்டுக்காரன் காசை எடுத்துட்டுப் போறான், ரூபா விழுது. ரிசர்வ் வங்கியும் அன்னைக்கே அதே அளவு வட்டியை ஏத்திட்டா பணம் இங்கேயே நின்னுடாதா? ஏன் தயங்குறாங்க?"

நிற்காது. 2013-ல் ஏறக்குறைய இதையே செய்து பார்த்தார்கள்.

அந்த வருடம் மே 22-ம் தேதி அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கி வட்டியை ஏற்றக்கூட இல்லை. மாதாமாதம் பத்திரம் வாங்குவதை இனி வரும் கூட்டங்களில் குறைக்கத் தொடங்கலாம் என்று மட்டும்தான் சொன்னார். அதற்கே இந்தியா, இந்தோனேசியா, துருக்கி, பிரேசில், தென்னாப்பிரிக்கா என எல்லா இடத்திலும் பணம் வெளியேறியது. டாலர் 55 ரூபாயிலிருந்து ஜூலை நடுவுக்குள் 60-ஐத் தாண்டியது. ஜூலை 15 இரவு ரிசர்வ் வங்கி, வங்கிகள் அவசரத்துக்கு வாங்கும் ஓரிரவுக் கடனின் வட்டியை 8.25-லிருந்து ஒரே அடியாக 10.25 ஆக்கியது. வழக்கமான ரெப்போ வட்டி 7.25-லேயே இருந்தது. ஆனால் அந்த வட்டியில் வாங்கக்கூடிய தொகைக்கு வரம்பு கட்டிவிட்டதால், வங்கிகளுக்கு உண்மையான வட்டி 10.25 ஆகிவிட்டது. ரூபாய் கிடைப்பதைக் கடினமாக்கினால், ரூபாயைக் கடன் வாங்கி டாலரில் போடுபவன் ஓய்வான் என்பது கணக்கு.

ஆகஸ்ட் 28-ம் தேதி டாலர் 68 ரூபாய் 80 காசைத் தாண்டியது.

ஏன் பலிக்கவில்லை என்பதை வெளிநாட்டு நிதி மேலாளரின் இடத்திலிருந்து பாருங்கள். மே மாதத்தில் 100 டாலர் கொண்டுவந்து 5,500 ரூபாய்க்கு நம் அரசின் 10 ஆண்டுப் பத்திரம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் வருவாய் சுமார் 7.2 சதவீதம். ஆகஸ்ட் கடைசியில் அது 9 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. புதிதாக வாங்குபவருக்கு 9 சதவீதம் கிடைக்க வேண்டுமென்றால் 7.2 தரும் பழைய பத்திரத்தை விலை குறைத்துத்தான் விற்க முடியும்; அதனால் வருவாய் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். இந்த அளவு ஏற்றத்துக்கு விலை சுமார் 12 சதவீதம் குறையும். அவருடைய 5,500 ரூபாய் 4,860 ஆகிவிட்டது. அதை 68 ரூபாய்க்கு டாலராக மாற்றினால் கைக்கு வருவது 71 டாலர் 50 சென்ட். இடையில் சேர்ந்த வட்டியைக் கூட்டினாலும் 73-ஐத் தாண்டாது. அதாவது நாம் வட்டியை ஏற்றியது, ஏற்கெனவே உள்ளே இருந்தவருக்கு இன்னொரு அடி. புதிதாக வருபவருக்கு 9 சதவீதம் இனிக்கலாம். ஆனால் ரூபாய் இன்னும் 10 சதவீதம் விழும் என்று பயந்தால் அவரும் வரமாட்டார். ஒரு மாதத்தில் போகக்கூடியதை ஒரு வருட வட்டியால் ஈடுகட்ட முடியாது.

இதற்குள் உள்ளூரில் வேறு வலி தொடங்கியது. வங்கிகள் கையில் வைத்திருந்த அரசுப் பத்திரங்களின் மதிப்பும் அதே போல இறங்கி, காலாண்டுக் கணக்கில் பெரிய நஷ்டம் காட்ட வேண்டிய நிலை வந்தது. ஆகஸ்ட் 20-ம் தேதி ரிசர்வ் வங்கியே 8,000 கோடி ரூபாய்க்குப் பத்திரங்களை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. பத்திரம் வாங்கினால் ரூபாய் வெளியே வரும். ஒரு கையால் ரூபாயை இறுக்கிக்கொண்டு மறுகையால் தளர்த்த வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட தயக்கம் முழுவதும் இந்தச் சில வாரங்களில் அடங்கியிருக்கிறது.

கையிருப்பு டாலரை விற்றாலும் இதே சிக்கல்தான். ரிசர்வ் வங்கி 100 கோடி டாலரை 80 ரூபாய்க்கு விற்றால், வாங்கும் வங்கிகளிடமிருந்து 8,000 கோடி ரூபாய் ரிசர்வ் வங்கிக்குள் போய்விடும். அந்த அளவு ரூபாய் சந்தையில் குறையும், குறுகிய கால வட்டி தானாக ஏறும். அதைச் சரிக்கட்ட பத்திரம் வாங்கி 8,000 கோடியைத் திருப்பி விட்டால், அந்த ரூபாயே மறுபடி டாலர் தேடிப் போகலாம். வெள்ளிக்கிழமை மாலை வரும் கையிருப்பு எண்ணை மட்டும் பார்த்து "இத்தனை டாலரை விற்றுத் தீர்த்துவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையிருப்பில் யூரோவும் தங்கமும் உண்டு. டாலர் வலுத்தால் விற்காமலேயே அந்த எண் இறங்கும். 2022-23 நிதியாண்டின் முதல் பாதிச் சரிவில் சுமார் 67 சதவீதம் இப்படி வந்தது என்று அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் கூறினார். உண்மையில் எவ்வளவு விற்றார்கள் என்பது மாதாந்திர அறிக்கையில் தாமதமாக வரும். அதைப் பார்த்துப் பேசுவதே சரி.

2013-ல் எது நிறுத்தியது? எண்ணெய் நிறுவனங்கள்தான் தினமும் பெரிய அளவில் டாலர் வாங்குபவை. ஆகஸ்ட் 28 இரவு, அவற்றின் தேவையைத் தானே நேரடியாகத் தருவதாக ரிசர்வ் வங்கி சொன்னதும் சந்தையிலிருந்து பெரிய வாங்குபவர் விலகினார். செப்டம்பர் 4-ல் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற அன்று இன்னொரு வழி அறிவிக்கப்பட்டது. வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் வங்கிகள் மூன்று வருடத்துக்கு டாலர் டெபாசிட் வாங்கி ரிசர்வ் வங்கியிடம் கொடுத்தால், ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் மூன்று வருடம் கழித்து டாலராகவே திருப்பித் தரும். சந்தையில் அதே பாதுகாப்புக்கு இதைவிட அதிகம் செலவாகும். நவம்பருக்குள் இந்த வழியில் மட்டும் சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. செப்டம்பர் 18-ல் அமெரிக்க மத்திய வங்கி, பத்திரம் வாங்குவதைக் குறைக்கும் திட்டத்தைத் தள்ளிப்போட்டதும் பெரிய உதவி. அதை மறைத்துவிட்டு எல்லாம் நம் சாமர்த்தியம் என்று சொல்வது நியாயமில்லை.

வட்டியே ஏற்றக்கூடாது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உள்நாட்டில் விலைவாசி ஏறினால் ஏற்றத்தான் வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனது அதற்காகத்தான். அமெரிக்காவோ 2022 மார்ச் முதல் 2023 ஜூலைக்குள் 5.25 சதவீதப் புள்ளி ஏற்றியது. அதை அப்படியே பின்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். வேளச்சேரியில் ஃப்ளாட் வாங்க 6.7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 30 லட்சம் கடன் வாங்கியவருக்கு மாதத் தவணை சுமார் 22,720 ரூபாய். 2.5 புள்ளி ஏறியதும் 27,380 ஆக வேண்டும். 5.25 புள்ளி ஏறியிருந்தால் 32,900-ஐத் தாண்டும். டாலரைப் பிடித்து நிறுத்த அந்தக் குடும்பம் மாதம் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும், அதுவும் பிடித்து நிறுத்தும் என்ற உறுதி இல்லாமல்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. அந்தக் காலத்தில் பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் கடனின் காலத்தை மட்டும் நீட்டின, பலருக்குச் சொல்லவே இல்லை. மேலே சொன்ன கடனில் 9.2 சதவீதத்துக்கு முதல் மாத வட்டி மட்டுமே 23,000 ரூபாய். கட்டுவதோ 22,720. அசல் குறையாமல், முதல் மாதம் 280 ரூபாயில் தொடங்கிக் கூடிக்கொண்டே போகும், கடன் எந்தக் காலத்திலும் முடியாது. 2023 ஆகஸ்டில்தான், வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும், நீட்டினாலும் அசல் கூடும் நிலை வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. உங்களுக்கு மாறும் வட்டியில் வீட்டுக் கடன் இருந்தால் கணக்கு அறிக்கையை எடுத்து, போன வருடத்தைவிட நிலுவை அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்.