ஸ்பேம் ஃபில்டர்: 95 சதவீதம், எதில் 95?

கேள்வி: பாரிமுனையில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஆபீஸ் மெயிலுக்கு ஸ்பேம் ஃபில்டர் வாங்க டிரையல் ஓட்டினோம். மொத்தம் 200 மெயில். நாங்களே கையால் பிரித்ததில் ஸ்பேம் 50, நல்லது 150. விற்பவர் தந்த அட்டவணை இது:

```
[[148   2]
 [ 10  40]]
```

பிரிசிஷன் 95%, ரீகால் 80% என்று கணக்குப் போட்டேன். அப்படியானால் 100 ஸ்பேமில் 20 இன்பாக்ஸுக்கு வந்துவிடும், நல்ல மெயில் 100-க்கு 5 தொலையும். நான் படித்தது சரிதானா?

பதில்: கணக்கு இரண்டும் சரி. ரீகாலுக்குச் சொன்ன விளக்கமும் சரி. பிரிசிஷனுக்குச் சொன்னதுதான் தவறு.

ஃபில்டர் ஸ்பேம் என்று ஒதுக்கியது 42 மெயில். அதில் நிஜமான ஸ்பேம் 40, தவறிப்போய் மாட்டிய நல்ல மெயில் 2. 40/42 = 95.2%. அந்த மீதி 5 சதவீதம் ஸ்பேம் பெட்டிக்குள் இருப்பதில் எடுத்த பங்கு. உங்கள் நல்ல மெயிலில் எடுத்த பங்கு அல்ல. நல்ல மெயில் எத்தனை தொலைகிறது என்று தெரிய, அந்த 2-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும்: 1.3%. நீங்கள் பயந்ததில் கால்வாசிதான். மேலே இருப்பது ஒன்றே, கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

அடுத்து, அட்டவணை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பைத்தானில் பரவலாகப் பயன்படும் `sklearn`, குறுக்கு வரிசையில் உண்மையையும், மேலிருந்து கீழே போகும் நிரலில் ஃபில்டரின் தீர்ப்பையும் வைக்கும். சில மென்பொருள்கள் இதைத் தலைகீழாக அச்சிடும். அப்படிப் புரட்டிப் படித்தால் 2-உம் 10-உம் இடம் மாறி, பிரிசிஷன் 80, ரீகால் 95 என்று வந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: நீங்கள் கையால் எண்ணிய 50 வரிசையின் கூட்டலில் வருகிறதா, நிரலின் கூட்டலில் வருகிறதா? இங்கே 10 + 40 = 50, வரிசையில் வருகிறது. அதனால் நீங்கள் படித்த திசை சரி. கையால் பிரித்து வைத்தது நல்ல வேலை. அது இல்லாவிட்டால் இந்தச் சோதனையே செய்ய முடியாது.

விற்பவர் தாளில் "98.7% ரீகால்" என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது 148/150, அதாவது நல்ல மெயிலுக்குப் போட்ட ரீகால். எதைப் பிடிப்பதற்கான எண் என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், பிரிசிஷன் உங்கள் மெயில் கலவையைப் பொறுத்து மாறும். டிரையலில் நாலில் ஒன்று ஸ்பேம். கடையில் தினசரி வருவதில் பத்தில் ஒன்றுதான் ஸ்பேம் என்று வையுங்கள். 1,000 மெயிலில் 100 ஸ்பேம், அதில் 80 பிடிபடும். 900 நல்ல மெயிலில் 1.3% வீதம் 12 மாட்டும். 80/92 = 87%. ஃபில்டர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கலவைதான் மாறியது. அதனால் இரண்டு நிறுவனங்களின் பிரிசிஷனை ஒப்பிடும்போது, ஒரே மெயில் தொகுப்பில் ஓட்டியதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒப்பீடு வெறும் தாள்தான்.

உங்கள் தொழிலுக்கு இந்த 2-தான் முக்கியம். 10 ஸ்பேம் நழுவினால் டிலீட் அழுத்தக் கொஞ்ச நேரம் போகும். அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றின் பர்ச்சேஸ் ஆர்டர் ஸ்பேம் பெட்டியில் மூன்று நாள் கிடந்தால், ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும். அந்த இரண்டு மெயிலையும் திறந்து பாருங்கள். விளம்பர நியூஸ்லெட்டராக இருந்தால் கவலை இல்லை. கொட்டேஷனோ இன்வாய்ஸோ இருந்தால் ஏன் மாட்டியது என்று விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

ஆனால் வெறும் 2-ஐ வைத்து முடிவெடுக்க முடியாது. 150-இல் 2 என்பதிலிருந்து உண்மையான அளவு 0.2 சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட 5 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு கைவிதி உண்டு: 300 நல்ல மெயிலில் ஒன்றுகூட மாட்டாமல் இருந்தால், தவறு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்று ஓரளவு நம்பலாம். எனவே இன்னும் இரண்டு வாரம் டிரையலை நீட்டிக் கேளுங்கள். மாத முடிவில் வரும் பில் மெயில்களும் அதில் சேரட்டும்.

"ஸ்பேம் நழுவுகிறதே" என்று சொன்னால் அவர்கள் ஃபில்டரைக் கறாராக்குவார்கள். ரீகால் ஏறும், கூடவே பெரும்பாலும் அந்த 2-உம் ஏறும். மாற்றிய பிறகு அதே 200 மெயிலில் புது அட்டவணை வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பிடித்த மெயிலை உடனே அழிக்கிறதா, சில வாரம் தனியே வைத்துத் தினமும் பட்டியல் அனுப்புகிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.