உளுந்து விற்ற காசும் ஆறாவது வாரமும்

கேள்வி: மாப்ளே, ஒருத்தர் என் வாட்ஸப்புக்கு வாராவாரம் ஒரு பங்கு பேரைப் போட்டு ஏறும், இறங்கும்னு அனுப்புறார். அஞ்சு வாரமும் பலிச்சிடுச்சு. இனிமே பணம் கட்டினாதான் சொல்வாராம். நீ பத்திரிகைக்காரன், உனக்குத் தெரியாததா? உளுந்து வித்த காசு ரெண்டு லட்சம் இருக்கு. நிச்சயமா ஏறுற பங்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. – பள்ளித் தோழன், மன்னார்குடி

பதில்: போனில் கேட்டிருந்தால் திட்டோடு போயிருக்கும். பக்கத்துக்கே எழுதிவிட்டாய், அச்சிலேயே வாங்கிக்கொள்.

கிலோ 80 ரூபாய்க்குப் போகும் உளுந்து அடுத்த வெள்ளிக்கிழமை 100 ஆகும் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால், இன்றைக்கு நீ 80-க்கு மூட்டையை அவிழ்ப்பாயா? மாட்டாய். வியாபாரியோ 98 கொடுத்தாவது இன்றே அள்ளப் பார்ப்பான். ஆக, வெள்ளிக்கிழமை விலை இன்றைக்கே வந்துவிடும். உனக்கு மிச்சம் ஏதுமில்லை. பங்கும் அப்படித்தான். ஏறப்போவது நிச்சயம் என்றால் பழைய விலைக்கு உனக்கு யார் விற்பார்கள்?

கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியுமே என்பாய். வெளிவராத தகவலை வைத்து அவர்கள் வாங்கி விற்பது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் சட்டப்படி குற்றம். அந்தத் தகவல் கையில் இருந்தாலும் விலை ஏறுவது நிச்சயமில்லை. லாபம் கூடியது என்று அறிவித்த அன்றே விலை விழுவதுண்டு. சந்தை அதைவிட அதிகமாக எதிர்பார்த்திருக்கும்.

அப்படியானால் அஞ்சு வாரம் பலித்தது எப்படி? கணக்கைப் பார். 1,600 பேரின் நம்பர் அவரிடம் இருக்கிறது என்று வை. முதல் வாரம் 800 பேருக்கு ஏறும், 800 பேருக்கு இறங்கும் என்று அனுப்புவார். ஒரு பாதிக்குப் பலிக்கும். பலிக்காதவர்களை விட்டுவிட்டு, அந்த 800 பேரை மறுவாரம் 400, 400 ஆகப் பிரிப்பார். அப்புறம் 400 பேர், 200, 100. அஞ்சாவது வாரம் முடியும்போது 50 பேர் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆளுக்கு 10,000 கட்டினால் 5 லட்சம். பங்கைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. உன்னவர் செய்தது இதுதான் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் குழுவில் போடாமல் ஏன் தனித்தனியாக அனுப்புகிறார் என்று யோசி. குழுவில் போட்டால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துவிடுமே!

அவரிடம் செபி பதிவு எண் கேள். ஆய்வாளர் என்றால் INH, ஆலோசகர் என்றால் INA என்று தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரோடு ஒத்துப்பார்க்கலாம். எண் சரியாகவே இருந்தாலும், இவ்வளவு லாபம் உறுதி என்று வாக்குக் கொடுக்க அவருக்கு அனுமதி கிடையாது. கொடுத்தால் அதுவே அவரை விட்டு விலகக் காரணம்.

உன் ரெண்டு லட்சத்துக்கு வருகிறேன். மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நடவுக்கூலி என்று ஜூனிலேயே கையைக் கடிக்கும். இரண்டு மாதத்தில் வேண்டிய காசுக்குப் பங்குச் சந்தையில் வேலை இல்லை. அன்றைக்குப் பார்த்து விலை இறங்கியிருந்தால் நஷ்டத்துக்கு விற்றுத்தான் நாற்று நட வேண்டும். பேசாமல் பேங்கில் போட்டு வை.

ஆறாவது வாரம் அவரிடமிருந்து மெசேஜ் வந்தால் எனக்கும் அனுப்பு. எவ்வளவு கேட்கிறார் என்பதையும் சேர்த்து.